"நான் மாற்றிவிட்டேன்": பொது ஷீட்டில் விட்ட பிழைக்குச் சக ஊழியர்களிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி

புதன்கிழமை காலை 10.20க்கு வெருகலில் இருந்து நானாவின் கோல் வந்தது. திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், வெருகல் பக்கம் எங்களுக்குக் கள உத்தியோகத்தர் அவர்தான். "தம்பி, வேன் எங்க? சனம் எட்டு மணியில இருந்து பாத்துக்கொண்டு இருக்கு" என்றார். வேன் அப்போது நேர் எதிர்த் திசையில், நிலாவெளியையும் தாண்டிக் குச்சவெளி வீதியில் நின்றது. குச்சவெளிப் பக்க உத்தியோகத்தர் அக்கா அங்கே ஒவ்வொரு வீடாகப் போய்க் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஆள் இல்லை. அன்று விதைப் பொதி வரும் என்று அவர்களில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை.

இரண்டு பேரையும் அப்படி நிற்க வைத்தவன் நான். கூகுள் ஷீட்டில் ஒரே ஒரு நிரலை வரிசைப்படுத்தியதுதான் நான் செய்தது. அன்று முழுவதும், அதற்குப் பிறகு வந்த பத்து நாளும், யாரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். நீங்கள் வேலை செய்வது பிரதேச செயலகமோ, பாடசாலையோ, கடையோ, பலபேர் ஒரே ஷீட்டைப் பார்த்து வேலை செய்யும் இடம் என்றால் இது பொருந்தும்.

என்ன நடந்தது

பெரும்போகத்துக்கு முன் வீட்டுத்தோட்ட விதைப் பொதி கொடுக்கும் வேலை அது. மொத்தம் 214 குடும்பங்கள், ஆறு விநியோக நாட்கள், ஒரே ஒரு வாடகை வேன். ஷீட்டின் முதல் நிரையில் தலைப்புகள். 2ஆம் நிரையிலிருந்து 215ஆம் நிரை வரை குடும்பங்கள். A நிரலில் குடும்ப இலக்கம், பிறகு பெயர், ஊர், தொலைபேசி, F நிரலில் பொதியின் வகை, G நிரலில் விநியோகத் திகதி. பட்டியல் குச்சவெளியில் தொடங்கி, கிண்ணியா, மூதூர் என்று இறங்கி, கடைசி 38 நிரைகளில் வெருகலோடு முடியும். ஆனால் விநியோகம் வெருகலில்தான் தொடங்குவதாக இருந்தது. தூரமான இடத்தை மழைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பது நானாவின் யோசனை.

திங்கட்கிழமை மாலை, எந்த நாளில் எத்தனை குடும்பம் என்று பார்க்க நினைத்தேன். G நிரலை மட்டும் தெரிவுசெய்து Sort range கொடுத்தேன். திகதிகள் வரிசையாக வந்தன. எண்ணிப் பார்த்தேன், முதல் நாளுக்கு 38. சரி என்று மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த 38 என்ற எண் பிழையாகவில்லை. ஒரு நிரலை மட்டும் வரிசைப்படுத்தினால் ஒரு திகதிகூட அழியாது, ஒன்றுகூட அதிகமாகாது. எல்லாத் திகதிகளும் இருக்கும், ஆனால் வேறு ஆட்களின் பெயருக்கு எதிரில் இருக்கும். எந்தக் கூட்டுத்தொகையைப் போட்டாலும் சரியாக வரும். ஸ்டோரில் அண்ணா செவ்வாய் மத்தியானம் முதல் நாளுக்கு 38 பொதி கட்டினார். அவர் எதிர்பார்த்ததும் 38தான், ஷீட்டில் இருந்ததும் 38தான். ஆனால் அவை குச்சவெளி மணலுக்கு ஏற்ற வகை. கணக்குப் பிரிவு அக்கா வேன் முற்பணத்தைக் குச்சவெளிப் பயணம் என்று எழுதிக் கொடுத்தார். குச்சவெளி அக்கா, திகதி மாறியிருக்கிறது, அலுவலகம்தான் மாற்றியிருக்கும் என்று எடுத்துக்கொண்டார். நானாவிடம் மட்டும் போன கிழமை எடுத்த அச்சுப் பிரதி இருந்தது. அதை நம்பி அவர் வெருகலில் நின்றார்.

முதல் பத்து நிமிடம்: மன்னிப்பை விட நிறுத்தம் முக்கியம்

பிழை தெரிந்தவுடன் மன்னிப்பு வாசகம் யோசிக்கத் தொடங்கினேன். அது பிழை. நான் யோசித்துக்கொண்டிருந்த ஏழெட்டு நிமிடத்துக்குள் ஸ்டோர் அண்ணா அடுத்த நாளுக்கான பொதியையும் அதே ஷீட்டைப் பார்த்துக் கட்டத் தொடங்கிவிட்டார். முதலில் போக வேண்டியது இரண்டு வரிச் செய்தி, அதில் மன்னிப்புக்கு இடமில்லை:

"விதைப் பொதி ஷீட்டில் G நிரலில் உள்ள திகதிகள் பிழை. நான் மறுபடி சொல்லும் வரை அதைப் பார்த்து யாரும் பொதி கட்டவோ, போன் எடுக்கவோ வேண்டாம். பெயர், ஊர், தொலைபேசி, பொதி வகை எல்லாம் சரி."

கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். "ஷீட் பிழை" என்று மட்டும் போட்டால் எல்லா வேலையும் நின்றுவிடும். எந்த நிரல் பிழை, எது பிழையில்லை என்று பிரித்துச் சொன்னால்தான் செய்யக்கூடிய வேலையை மற்றவர்கள் செய்வார்கள். இதே இரண்டு வரியை ஷீட்டின் முதல் நிரையிலும் சிவப்பில் போட்டேன். வட்ஸ்அப் பார்க்காதவரும் ஷீட்டைத் திறந்தால் பார்ப்பார். முழுக் காரணமும் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். இந்தச் செய்திக்குக் காரணம் தேவையில்லை.

Restore பொத்தானைத் தொட வேண்டாம்

அடுத்து கை தானாகப் போவது பழைய நிலைக்குத் திருப்பும் பொத்தானுக்கு. நானும் அதில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் நிறுத்தினேன். திங்கள் மாலைக்குப் பிறகு அந்த ஷீட்டில் மற்றவர்களும் வேலை செய்திருந்தார்கள். கிண்ணியா உத்தியோகத்தர் செவ்வாய் முழுவதும் இருந்து 9 குடும்பங்களின் புதிய தொலைபேசி எண்களைப் போட்டிருந்தார். திங்கள் மத்தியான நிலைக்கு முழு ஷீட்டையும் திருப்பினால் அந்த 9 எண்களும் கண்ணில் படாமல் போய்விடும். ஒரு பிழைக்கு மன்னிப்புக் கேட்கப் போய், இரண்டாவது பிழையை அவர் தலையில் போட்டதாக முடியும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். File பட்டியலில் Version history, அதில் See version history. வலது பக்கத்தில் நேரவாரியாக எல்லா நிலைகளும் வரும். பிழைக்குச் சற்று முந்திய நிலையைத் தேடுங்கள். அதன் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி Make a copy கொடுங்கள். பழைய நிலை தனிக் கோப்பாக வரும். அந்தக் கோப்பில் கீழே உள்ள தாளின் பெயரை வலது சொடுக்கி, Copy to வழியாக உங்கள் ஷீட்டுக்குள் கொண்டுவந்து, அதற்கு Old என்று பெயர் வையுங்கள். இப்போது பழையதும் புதியதும் ஒரே கோப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். யாருடைய வேலையும் அழிந்திருக்காது. ஷீட்டைத் திருத்தும் அனுமதி உள்ளவர்களுக்குத்தான் இந்த வரலாறு தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர் தேடினால் கிடைக்காது.

யாருடைய நிரை பிழை, யாருடையது சரி

மன்னிப்புக் கேட்கும்போது எதிரில் உள்ளவர் முதலில் கேட்பது "என்ர பக்கம் சரியா?" என்பதைத்தான். அதற்குப் பதில் தெரியாமல் போனால், உங்கள் மன்னிப்பைக் கேட்டுவிட்டு அவர் தன் பட்டியலைத் தானே முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். அதைப் பார்ப்பது உங்கள் வேலை. வெறுமையாக உள்ள I நிரலில், 2ஆம் நிரையில் முதல் சூத்திரத்தைப் போட்டு 215 வரை இழுத்துவிடுங்கள். இரண்டாவதை வேறொரு வெற்றுக் கலத்தில் போடுங்கள்:

```
=VLOOKUP(A2,Old!A:G,7,FALSE)=G2
=COUNTIF(I2:I215,FALSE)
```

முதலாவது, குடும்ப இலக்கத்தை வைத்துப் பழைய தாளில் தேடி, அங்கே உள்ள திகதியும் இங்கே உள்ள திகதியும் ஒன்றா என்று பார்க்கிறது. ஒன்றென்றால் TRUE, இல்லையென்றால் FALSE. இரண்டாவது, பிழையான நிரைகளை எண்ணுகிறது. VLOOKUPக்கு உள்ளே இருக்கும் FALSE என்ற சொல்லை விட்டுவிட்டால், A நிரல் வரிசையாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு கிட்டத்தட்டப் பொருந்துவதைக் கொடுத்துவிடும். பிழையைத் தேடும் சூத்திரத்திலேயே புதிய பிழை புகுந்தால் பிறகு சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். பெயரை வைத்தும் தேட வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் எங்கள் எல்லாப் பட்டியலிலும் இருப்பார்கள்.

எனக்கு வந்த விடை 152. மிச்சம் 62 நிரைகளில் திகதி தற்செயலாகச் சரியாகவே விழுந்திருந்தது. அந்த 62ம் கிண்ணியாக் குடும்பங்கள். நடு இரண்டு நாட்களும் நடுவில் உள்ள ஊருக்கே மறுபடி விழுந்ததுதான் காரணம். அதாவது கிண்ணியா உத்தியோகத்தரின் 70 குடும்பங்களில் 8 மட்டும் பிழை. குச்சவெளி, மூதூர், வெருகல் மூன்றிலும் எல்லாமே பிழை. இது தெரியாமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி மன்னிப்புக் கேட்டிருந்தால், கிண்ணியாக்காரரைத் தேவையில்லாமல் பதற வைத்திருப்பேன், வெருகல்காரருக்குக் குறைத்துச் சொல்லியிருப்பேன்.

சரியான திகதிகளைத் திரும்பப் போட, வெற்று நிரலில் அதே VLOOKUPஐ =G2 இல்லாமல் எழுதி, வந்த விடைகளைப் பிரதி எடுத்து G நிரலில் Ctrl+Shift+V கொடுத்து ஒட்டினேன். அப்படி ஒட்டினால் சூத்திரம் வராது, பெறுமதி மட்டும் வரும். ஒட்டுவதற்கு முன், திங்களுக்குப் பிறகு யாராவது வேண்டுமென்றே திகதி மாற்றினார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகமான கலத்தை வலது சொடுக்கி Show edit history பார்த்தால் யார், எப்போது என்று வரும். பிறகு I நிரலை மறுபடி பார்த்தேன். எல்லாம் TRUE. எல்லாம் சேர்த்து அரை மணித்தியாலம் போனது.

யாரிடம் முதலில், எப்படி

குழுவில் போடுவதற்கு முன், அதிகம் பாதிக்கப்பட்டவரின் காதில் உங்கள் குரல் விழ வேண்டும். பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் முதல் முறையாக விஷயம் தெரியவந்தால், அவருக்குக் கோபப்படக்கூட இடமிருக்காது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதால் "பரவாயில்லை" என்று போட்டுவிட்டு மனதில் வைத்துக்கொள்வார்.

யார் அதிகம் பாதிக்கப்பட்டவர் என்பதையும் யோசிக்க வேண்டும். நான் முதலில் நினைத்தது, வீணாக அலைந்த குச்சவெளி அக்காதான் என்று. பிறகுதான் நானாவின் இடம் புரிந்தது. அவர் அலையவில்லை, ஓரிடத்தில்தான் நின்றார். ஆனால் அவர் வாக்கை நம்பி 38 குடும்பங்கள் வந்திருந்தன. அதில் கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள். அடுத்த தடவை அவர் "வாங்க" என்று சொன்னால் அவர்கள் வருவார்களா என்பதுதான் அவர் இழந்தது. நான் அவரைத்தான் முதலில் அழைத்தேன்.

"நானா, வேன் குச்சவெளிக்குப் போயிட்டுது. திங்கக்கிழமை நான் ஷீட்ல திகதிய மாத்திப்போட்டன். வெருகல் எல்லாம் கடைசி நாட்களுக்குப் போயிட்டுது. பிழை என்னில. இண்டைக்கு வேன் வராது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "இந்தச் சனத்துக்கு நான் என்ன சொல்ல?"

இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்காதீர்கள். நான் "நாளைக்கே வேன் அனுப்புறன்" என்று சொல்லப் பார்த்தேன். நாளை மூதூர் நாள், வேன் ஒன்றுதான், வெருகலுக்கான பொதி கட்டவும் இல்லை. செய்ய முடியாததைச் சொல்லியிருந்தால் வெருகல் சனம் இரண்டாவது நாளும் காத்திருந்திருக்கும். "அரை மணித்தியாலத்தில எடுத்துச் சொல்றன். அதுவரை அவங்கள நிக்கச் சொல்ல வேணாம். வரச் சொன்னது சரியான நாள்தான், அலுவலகத்தில நான் விட்ட பிழை எண்டு என்ர பேரைச் சொல்லுங்க" என்றேன். அரை மணித்தியாலத்துக்கு முன்பே எடுத்தேன். சனிக்கிழமை என்று முடிவாகியிருந்தது.

பிறகு குச்சவெளி அக்கா. அவர் என்னைத் திட்டினார், நன்றாகவே திட்டினார். குறுக்கே பேசவில்லை. அவர் நிறுத்திய பிறகு ஒன்று கேட்டேன்: "அக்கா, இப்ப அங்க எத்தின பேர் இருக்கினம்?" 14 பேர் வீட்டில் இருந்தார்கள். பொதியின் வகை பெயரோடு சேர்ந்தே இருந்ததால் அந்த 14 பேருக்கும் வேனில் இருந்தது சரியான பொதிதான். அவற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பச் சொன்னேன். 24 பொதி திரும்பி வந்தது.

நேரமும் பார்க்க வேண்டும். எனக்கு நடந்தது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை பகலாக இருந்து, மூதூரிலோ கிண்ணியாவிலோ உள்ளவரை அழைப்பதாக இருந்தால், அவசர நிறுத்தச் செய்தியை மட்டும் அனுப்பிவிட்டு, பேச்சை ஜும்மா முடிந்த பிறகு வைத்துக்கொள்வது மரியாதை. வேன் சாரதி சிங்களத்தில்தான் வசதியாகப் பேசுவார். குழுவில் தமிழில் போட்டது அவருக்குப் போய்ச் சேராது. அவர் வந்து இறங்கியதும் வெளியே போய், எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சமாவென்ன என்று தொடங்கி, என்ன நடந்தது என்று சொன்னேன். விட்டுப்போனதை ஸ்டோர் அண்ணா மொழிபெயர்த்தார்.

எழுதும்போது: மாறிவிட்டது, மாற்றிவிட்டேன்

இந்தப் பகுதியை நான் அதிகம் வலியுறுத்துகிறேன், ஏனென்றால் பொறுப்பை ஒளித்து வைக்கத் தமிழில் நல்ல வசதி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். மாறினான், மாற்றினான். உடைந்தது, உடைத்தான். கோப்பை கைதவறி விழுந்தால் வீட்டில் எல்லோரும் "உடைஞ்சு போச்சு" என்றுதான் சொல்வோம். யாரும் "உடைச்சிட்டன்" என்று சொல்வதில்லை. கோப்பைக்கு அது போதும். ஒரு நாள் வேலை போனவரிடம் அது எடுபடாது.

நான் முதலில் எழுதிய வரைவு இது:

"தவிர்க்க முடியாத காரணத்தால் ஷீட்டில் திகதிகள் மாறிவிட்டன. இதனால் ஏதும் அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறேன்."

இதைக் கணக்கு அக்காவிடம் காட்டினேன். "மாறிவிட்டன எண்டா? தானா மாறிச்சுதா?" என்று கேட்டார். இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தேன். "தவிர்க்க முடியாத காரணம்" பொய். தவிர்த்திருக்கலாம். "திகதிகள் மாறிவிட்டன" என்பதில் ஆளே இல்லை. "ஏற்பட்டிருந்தால்" என்பதில் சந்தேகம் இருக்கிறது. வெருகலில் 38 குடும்பம் வெயிலில் நின்றதில் என்ன சந்தேகம்? "அசௌகரியம்" என்ற சொல் யாருக்கு என்ன நடந்தது என்பதை முழுக்க மூடிவிடுகிறது. இரண்டு வசனத்தில் நாலு இடத்தில் ஒளிந்திருக்கிறேன்.

பிறகு எழுதி அனுப்பியது:

"அனைவருக்கும் வணக்கம். திங்கள் மாலை விதைப் பொதி ஷீட்டில் G நிரலை மட்டும் தனியாக வரிசைப்படுத்தி, விநியோகத் திகதிகளை நான் குழப்பிவிட்டேன். 214 குடும்பங்களில் 152இன் திகதி பிழையாகியது. கிண்ணியாவில் 8 மட்டும், மற்ற மூன்று இடங்களிலும் எல்லாம்.

இதனால் இன்று நானா வெருகலில் 38 குடும்பங்களோடு வேன் இல்லாமல் நின்றார். குச்சவெளி அக்கா, முன்கூட்டிச் சொல்லி வைக்காத ஊருக்குப் போய் அலைந்தார். ஸ்டோரில் கட்டிய பொதியில் 24 திரும்பி வந்தது. வேன் முற்பணத்தின் பற்றுச்சீட்டைக் கணக்குப் பிரிவு மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. நான்கும் என்னால் வந்தவை. மன்னிப்புக் கேட்கிறேன்.

11.15 முதல் ஷீட் சரி. 214 நிரையையும் பழைய பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். திங்கள் மாலைக்குப் பிறகு நீங்கள் போட்ட எதுவும் அழியவில்லை. நாளை மூதூர் முன்பு சொன்னபடியே நடக்கும். வெருகல் சனிக்கிழமை. செவ்வாய், புதனில் அச்சிட்ட பிரதி யாரிடமும் இருந்தால் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். வேறெதுவும் நீங்கள் செய்ய வேண்டியதில்லை."

"மன்னிப்புக் கேட்கிறேன்" ஒரே ஒரு தடவைதான் வருகிறது. ஐந்து தடவை எழுதினால் வாசிப்பவர் உங்களைச் சமாதானப்படுத்தும் நிலைக்கு வந்துவிடுவார், ஏற்கனவே களைத்திருப்பவருக்கு அது இன்னொரு வேலை. அன்று காய்ச்சலோடு வந்திருந்தேன், நாலு ஷீட்டை ஒன்றாகப் பார்த்தேன் என்பதும் இதில் இல்லை. உண்மைதான், ஆனால் யாராவது கேட்டால் சொல்லலாம். கேட்காமல் சொன்னால் அது சாக்குச் சொல்வது போல இருக்கும். கிழிக்கச் சொன்ன வரியை மறக்காதீர்கள். ஷீட்டைத் திருத்தினாலும் கையில் உள்ள தாள் திருந்தாது. ஸ்டோர்ச் சுவரில் ஒட்டியிருந்த பிழையான பட்டியலை மாலையில் நானே போய் உரித்தேன்.

வாயால் கேட்டது போக

கூடுதலாக வந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கேட்டுவிட்டு. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே ஸ்டோருக்குப் போனேன். வெருகலுக்கு 38 பொதியை அண்ணாவோடு இருந்து கட்டினேன். முதல் பொதியிலேயே பயற்றங்காய் விதையை இரண்டு பைக்கற் போட்டுவிட்டேன். அண்ணா பேசாமல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, "நீங்க பேரை வாசியுங்க, நான் போடுறன்" என்றார். அதுதான் சரியாக வந்தது. உதவி என்று போய் இன்னொருவரின் வேலையைக் குழப்பாமல், அவர் சொல்லும் இடத்தில் இருக்க வேண்டும்.

கணக்கு அக்காவுக்குத் தேவைப்பட்டது வேறு. பயணம் ஒன்று, பற்றுச்சீட்டில் காரணம் இன்னொன்று என்று இருந்தால் கணக்காய்வில் கேள்வி அவரிடம்தான் வரும். ஒரு பக்க விளக்கக் கடிதம் எழுதி, திகதி போட்டு, கையொப்பமிட்டுக் கொடுத்தேன். எந்த நாள், எங்கே போக இருந்த வேன், எங்கே போனது, யார் பிழை. அவர் அதைப் பற்றுச்சீட்டோடு இணைத்துக்கொண்டார். பல அலுவலகங்களில் இந்தக் கடிதத்தைக் கேட்கக் கணக்குப் பிரிவில் இருப்பவர் கூச்சப்படுவார். கேட்க வைக்காதீர்கள்.

வெருகல் மாதர் சங்கத் தலைவிக்கும் நானே போன் எடுத்தேன், நானாவிடம் கேட்டுவிட்டு. அவரைத் தாண்டிப் போனதாக ஆகிவிடக் கூடாது. "நானா சொன்ன திகதி சரியானது, அலுவலகத்தில நான்தான் பிழை விட்டன்" என்று சொன்னேன். நானா சொல்லியிருந்தால் அது சாக்கு மாதிரி இருந்திருக்கும். பிழை விட்டவனே சொன்னபோது அவர் பெயர் மீண்டது. சனிக்கிழமை 38இல் 36 குடும்பங்கள் வந்தன. மிச்ச இரண்டையும் நானா வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்.

இனி நடக்காது என்று சொல்ல வேண்டாம்

அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்குப் பதில், ஷீட்டில் என்ன மாற்றியிருக்கிறேன் என்று சொன்னேன். G நிரலை Data பட்டியலில் உள்ள Protect sheets and ranges வழியாகப் பூட்டி, நானாவுக்கும் எனக்கும் மட்டும் திருத்தும் அனுமதி வைத்தேன். இதில் ஒரு குறை உண்டு: ஷீட்டின் சொந்தக்காரரை இந்தப் பூட்டு தடுக்காது, எங்கள் ஷீட்டின் சொந்தக்காரன் நான். அதனால் இன்னொரு பழக்கமும் வேண்டியிருந்தது. வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டுமென்றால் Filter view ஒன்றை உருவாக்கி அதற்குள் பார்க்கிறேன். அங்கே வரிசை மாறினாலும் நிரை முழுவதாகவே நகரும், மற்றவர்கள் பார்க்கும் ஷீட் அப்படியே இருக்கும். Old தாளையும் I நிரலையும் விநியோகம் முடியும் வரை அழிக்கவில்லை. காலையில் ஷீட்டைத் திறந்ததும் FALSE எத்தனை என்று பார்ப்பேன். வெருகலைச் சனிக்கிழமைக்கு மாற்றியதால் அந்த 38ஐயும் Old தாளிலும் மாற்ற வேண்டியிருந்தது, இல்லையென்றால் தினமும் பொய்யாக 38 என்று காட்டியிருக்கும்.

சிலருக்கு நம்பிக்கை உடனே திரும்பாது. குச்சவெளி அக்கா "சரி, விடுங்க தம்பி" என்றுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மாலை ஐந்து மணிக்குப் போன் எடுத்து, நாளைக்கு எந்த ஊர், எத்தனை பேர் என்று கேட்பார். ஷீட்டில் இருப்பதைத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டாம் நாள் "ஷீட்ல இருக்கு அக்கா" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஷீட்டைத் திறந்து ஊரையும் பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்தேன், அவர் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். கடைசி விநியோக நாளுக்கு முதல் நாளும் கோல் வந்தது. 35 பெயர்களையும் வாசித்தேன்.